50p போட்டதும் கிட்ட வரும் படம்: சென்சர் கிராப் இரவு வீடியோவைக் கெடுக்கும் விதம்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் கலியாண வீடியோ எடுக்கிற பெடியள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. பகலில் எடுத்த துண்டுகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. அதே கமரா, அதே ஆள், இரவில் எடுத்ததோ சேறு மாதிரி இருக்கிறது. உடனே பழி லென்சின் மேல் விழும், அல்லது “சின்ன சென்சர்தானே” என்று கதை முடியும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் காரணம் மெனுவில் இருக்கும் ஒரே ஒரு வரி. 4K 25p, அதாவது செக்கனுக்கு 25 பிரேம் என்று இருந்ததை, மணப்பெண் நடந்து வருவதை ஸ்லோமோஷனில் எடுக்கவென்று 4K 50p ஆக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அதைத் திருப்பி மாற்றியிருக்க மாட்டார்கள். ஆராத்தி, கால்மாறிப் போதல், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் 50p-யிலேயே போயிருக்கும்.

“அண்ணை, 50p போட்டவுடன படம் கிட்ட வருது, லென்ஸ் ஏதும் பழுதோ?” என்று ஒரு தம்பி கேட்டார். லென்சில் ஒரு பழுதும் இல்லை. சென்சரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள பகுதியைக் கமரா கைவிட்டுவிடுகிறது. இதைத்தான் கிராப் என்கிறார்கள். திரையில் பெரிய எச்சரிக்கை எதுவும் வராது. படம் கொஞ்சம் கிட்ட வரும், நாமும் ஓர் அடி பின்னுக்குப் போவோம், வேலை தொடரும்.

கமரா ஏன் இப்படிச் செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கனன் ஆர்10 போன்ற 24 மெகாபிக்சல் கமராவின் சென்சரில் அகலத்துக்கு 6000 பிக்சல் இருக்கிறது. 16:9 வீடியோவுக்கு வேண்டிய உயரத்தை எடுத்தால் சுமார் 3375 வரிசைகள் வரும். சென்சர் இந்த வரிசைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசிக்கிறது. ஒரு வரிசைக்கு 8 மைக்ரோசெக்கன் பிடிக்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முழுவதையும் வாசித்து முடிக்க 27 மில்லிசெக்கன் ஆகும். 25p-யில் ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெக்கன் கிடைக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை. 50p-யில் கிடைப்பதோ 20 மில்லிசெக்கன்தான். 27-ஐ 20-க்குள் அடக்க முடியாது. நடுவிலுள்ள 2160 வரிசைகளை மட்டும் வாசித்தால் 17 மில்லிசெக்கனில் வேலை முடிந்துவிடும். 2160 என்பது 4K வீடியோவுக்குத் தேவையான உயரமும்கூட. ஆகவே கமரா நடுவில் 3840-க்கு 2160 பிக்சல் கொண்ட ஒரு பெட்டியை வெட்டி, அதை அப்படியே பதிவு செய்கிறது. 6000-ஐ 3840-ஆல் பிரித்தால் 1.56. ஆர்10 கமராவின் 4K 50p கிராப் சரியாக இந்த அளவுதான். விலை கூடிய கமராக்கள் இதைத் தவிர்ப்பது வேகமாக வாசிக்கும் சென்சர் இருப்பதால்தான். சூடும் ஒரு காரணம், ஆனால் முதற் காரணம் வாசிக்கும் வேகம்.

இனி கூர்மைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். “வெட்டினாலும் 3840 பிக்சல் இருக்கிறதுதானே, 4K 4K-தானே” என்று கேட்கலாம். கோப்பின் அளவு அதேதான். ஆனால் சென்சரிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் மூன்று நிறத்தையும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி இருக்கிறது. பாதிக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். இல்லாத இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கமரா ஊகித்து நிரப்புகிறது. 25p-யில் முழு அகலத்தையும் வாசிக்கும்போது சுமார் 2 கோடி பிக்சலின் தகவல் கையில் இருக்கிறது. அதைச் சுருக்கி 83 இலட்சம் பிக்சல் கொண்ட 4K படம் செய்கிறது. ஆகவே ஊகம் குறைவு, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கு மேற்பட்ட உண்மைத் தகவல் உண்டு. 50p கிராப்பில் 83 இலட்சத்துக்கு 83 இலட்சம்தான். அதில் சிவப்பைப் பார்க்கும் பிக்சல் சுமார் 21 இலட்சம் மட்டும். அதாவது ஒரு சாதாரண முழு எச்டி படத்தில் எத்தனை புள்ளி இருக்குமோ, அத்தனைதான்.

இது எங்களுக்கு எங்கே வெளிப்படும் என்றால், கூறைச் சேலையில். கடுஞ் சிவப்பு, அதன் மேல் நெருக்கமான பொன் சரிகை. சிவப்புத் துணியில் பச்சைப் பிக்சலுக்கும் நீலப் பிக்சலுக்கும் அவ்வளவாக ஒளி போகாது. நெசவின் நுணுக்கத்தைச் சொல்ல வேண்டியது சிவப்புப் பிக்சல்தான். கிராப்பில் அது நாலுக்கு ஒன்றுதான் இருக்கிறது. 25p-யில் எடுத்த பிரேமையும் 50p-யில் எடுத்த பிரேமையும் மொனிற்றரில் 100 வீதத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் சரிகை இழைகள் பிரிந்து தெரியும். சிவப்பின் உள்ளே நெசவின் கோடுகளும் தெரியும். இரண்டாவதில் சரிகை ஒரு மஞ்சள் பட்டையாகவும் கூறை ஒரே சிவப்புத் திட்டாகவும் இருக்கும். முகம் மட்டும் ஓரளவு ஒப்பேறிவிடும். அதனால்தான் பலருக்கு உடனே பிடிபடுவதில்லை. கமராவின் சின்னத் திரையில் முகத்தைத்தானே பார்க்கிறோம்.

கூர்மை குறைய இன்னொரு வழியும் உண்டு, அது லென்ஸ் வழியாக வருகிறது. எந்த லென்சும் ஒரு புள்ளியைச் சரியான புள்ளியாக விழுத்துவதில்லை. கொஞ்சம் மங்கிய ஒரு சிறு வட்டமாகத்தான் விழுத்துகிறது. கனனின் இந்தச் சென்சர் சுமார் 22.3 மில்லிமீற்றர் அகலம். கிராப் செய்தபின் பயன்படுவது 14.3 மில்லிமீற்றர். 55 அங்குல ரிவியின் அகலம் ஏறக்குறைய 122 சென்ரிமீற்றர். முழு அகலத்தில் எடுத்த படத்தை அந்த ரிவியில் போட்டால் 55 மடங்கு பெருக்கம், கிராப்பில் எடுத்தால் 85 மடங்கு பெருக்கம். லென்சின் மங்கலும் அதே அளவுக்குப் பெருகுகிறது. போட்டோவுக்கு “பரவாயில்லை” என்றிருந்த, கமராவோடு வரும் கிட் லென்ஸ், கிராப்பில் திடீரென்று மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நல்ல லென்சுக்கு இந்த அடி குறைவாகப் படும், ஆனால் படாமல் விடாது.

இப்போது இருட்டு விஷயம். இங்குதான் கூடுதலான குழப்பம் இருக்கிறது. “கிராப் போட்டால் வெளிச்சம் குறையும்” என்று ஒருவர் சொல்லுவார். மற்றவர் உடனே கமராவை எடுத்து, சட்டர், அபேச்சர், ஐஎஸ்ஓ எதையும் மாற்றாமல் கிராப்பைப் போட்டும் எடுத்தும் காட்டுவார். படத்தின் பிரகாசம் மாறாது. “எங்கே குறைந்தது?” என்பார். இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். மழை பெய்யும்போது பெரிய தகரக் கூரையிலும் சின்னத் தகரக் கூரையிலும் சதுர அடிக்கு விழும் மழை ஒன்றுதான்; ஆனால் பீப்பாய்க்குள் வந்து சேரும் தண்ணீர் ஒன்றல்ல. பிரகாசம் என்பது சதுர அடிக்கு விழும் மழை. படத்தில் மணல் தூவினது போல் ஊரும் நொய்ஸ் எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிப்பது பீப்பாய்க்குள் சேர்ந்த மொத்தத் தண்ணீர்.

ஒளி சீராக வருவதில்லை, துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரே மாதிரி வெளிச்சம் படும் இரண்டு பக்கத்துப் பிக்சல்களில்கூட ஒன்றுக்குச் சில துளி கூடவும் மற்றதற்குச் சில துளி குறையவும் வரும். இந்த ஏற்ற இறக்கம்தான் நொய்ஸின் பெரும்பங்கு. நிறையத் துளிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஏற்ற இறக்கம் அடங்கும். கொஞ்சத்தை மட்டும் பார்த்தால் அடங்காது. 1.56 கிராப் என்றால் பரப்பு 1.56-இன் வர்க்கத்தால், அதாவது 2.44-ஆல் குறைகிறது. சென்சரில் விழுந்த ஒளியில் 41 வீதம்தான் படத்துக்குப் போகிறது, மீதி 59 வீதம் வீண். ஒளி பாதியாகக் குறைந்தால் ஒரு ஸ்டொப் என்பது போட்டோகிராபிக் கணக்கு; அதில் இது சுமார் 1.3 ஸ்டொப். ஐஎஸ்ஓ 3200-இல் கிராப் போட்டு எடுத்த படம், முழு அகலத்தில் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 8000-இல் எடுத்த படத்தின் நொய்ஸோடு இருக்கும்.

இதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சேதம் அதற்குப் பிறகு வருகிறது, ஏனென்றால் நாம் பழைய பிரேமை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு வீட்டு ஹோல் என்று வையுங்கள். இரவு, இரண்டு எல்ஈடி ரியூப், மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நிற்க ஆராத்தி எடுக்கிறார்கள். உங்களிடம் 35 மில்லிமீற்றர் f/1.8 லென்ஸ் ஒன்றும், கமராவோடு வந்த 18-45 கிட் லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. 25p-யில் 35 லென்சைப் போட்டு, f/1.8 திறந்து, சட்டர் 50-இல் ஒன்று வைத்தால் ஐஎஸ்ஓ 800 போதும் என்று வைத்துக்கொள்வோம். படம் நன்றாகவே வரும்.

இப்போது 50p-க்கு மாறுகிறீர்கள். 35 லென்ஸ் திடீரென்று 55 மாதிரி ஆகிவிட்டது. ஆட்களின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. பின்னால் சுவர், அதற்கு மேல் போக இடமில்லை. பழைய பிரேமைத் திரும்பப் பெற 22 மில்லிமீற்றர் வேண்டும், அது கிட் லென்சில்தான் இருக்கிறது. அது f/4.5-க்கு மேல் திறக்காது. f/1.8-இலிருந்து f/4.5-க்குப் போனால் ஒளி ஆறு மடங்குக்கு மேல் குறைகிறது. 50p என்பதால் சட்டரும் 100-இல் ஒன்றாகிறது, அதில் இன்னும் பாதி போகிறது. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டரை மடங்கு. ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்தில் இப்போது 10,000 வேண்டும். அதற்கு மேல் கிராப்பின் 2.44 மடங்கு இருக்கிறது. திரையில் ஐஎஸ்ஓ 10,000 என்று எழுதியிருந்தாலும், கண்ணுக்குத் தெரிவது முழு அகலத்தில் 24,000 அளவுக்கு ஏற்றி எடுத்த படம். 800-க்கும் 24,000-க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து ஸ்டொப். நீங்கள் மாற்றியதாக நினைப்பது மெனுவில் ஒரு வரிதான்.

அப்புறம் கமரா தன் பங்குக்கும் ஒன்று செய்யும். நொய்ஸ் கூடியவுடன் அதை அடக்க உள்ளேயே மென்மையாக்கும் வேலை நடக்கும். நொய்ஸ் எது, கூறையின் நெசவு எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைக்கும். மிச்சமிருக்கும் நொய்ஸ் கோப்பைச் சுருக்கும்போது இடத்தைத் தின்னும், ஏனென்றால் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக மாறும் நொய்ஸையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இருண்ட சுவரிலும் மாப்பிள்ளையின் கறுத்த தலைமுடியிலும் கட்டம் கட்டமாக ஊர்வது தெரிகிறது. மல்லிகைச் சரத்தில் மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைப் பட்டையாகிவிடும். இருட்டுப் பிரச்சினை கூர்மைப் பிரச்சினையாக மாறும் இடம் இதுதான். எடிட்டிங்கில் கூர்மையை ஏற்றிப் பார்த்துப் பயனில்லை. ஏறுவது ஊர்கிற கட்டங்கள்தான்.

எங்கள் பக்கம் இன்னொரு வழியாகவும் கிராப் வந்து சேர்கிறது. நிறையக் கமராக்கள் கனடாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ சொந்தக்காரர் கையில் வந்தவை. கனடாவில் வாங்கியது அந்த நாட்டு வீடியோ முறையான NTSC-யில் இருக்கும். அதில் 25p என்ற வரியே தெரியாது, அதற்குப் பதில் 30p தெரியும். சோனி ஏ6400, ஏ7 மார்க் 3 போன்றவற்றில் 4K 25p முழு அகலத்தையும் வாசிக்கிறது, 4K 30p-யோ சுமார் 1.2 கிராப் போடுகிறது. பெரிய கிராப் அல்ல, ஆனால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அதைவிடத் தொல்லை என்னவென்றால், இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 30p-க்கு வழக்கமாக வைக்கும் 60-இல் ஒன்று சட்டரில் ரியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் படபடக்கும். மெனுவில் எங்கள் நாட்டு முறையான PAL-க்கு மாற்றினால் 25p வரும், 50-இல் ஒன்று சட்டர் வரும், படபடப்பும் கிராப்பும் சேர்ந்து போகும். சோனியில் இதை மாற்றும்போது கார்ட்டை மறுபடி போமற் செய்யச் சொல்லும். ஆகவே கலியாண வீட்டில் நின்று மாற்றக்கூடாது. முதல் நாளே செய்துவிட வேண்டும்.

உங்கள் கமரா எந்த மோடில் எவ்வளவு வெட்டுகிறது என்று அறிய விளம்பரத் தாளை நம்பத் தேவையில்லை. தையல்காரரின் அளவுநாடாவை, அல்லது மேசன் வைத்திருக்கும் உருக்கு நாடாவைச் சுவரில் கிடையாக ஒட்டுங்கள். கமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, சூமைத் தொடாமல், முதலில் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு வீடியோ மோடிலும் சில செக்கன் எடுங்கள். போட்டோவில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 300 சென்ரிமீற்றர் தெரிந்து, 50p-யில் 192 மட்டும் தெரிந்தால், 300-ஐ 192-ஆல் பிரிக்க 1.56. அகலத்தை மட்டும் பாருங்கள். போட்டோ 3:2, வீடியோ 16:9 என்பதால் மேலும் கீழும் வெட்டுப்படுவது எல்லாக் கமராவிலும் நடப்பது. அதைக் கிராப் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். கமராவிலேயே டிஜிட்டல் முறையில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். அதுவும் தன் பங்குக்கு வெட்டும், வெட்டு வெட்டோடு பெருகும். 1.56-க்கு மேல் இன்னொரு 1.1 வந்தால் 1.7 ஆகிவிடும், சென்சரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

வெட்டு எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த கேள்விக்கும் விடை கிடைக்கும். போட்டோவின் பிக்சல் அகலத்தைக் கிராப் எண்ணால் பிரியுங்கள். விடை 3840-க்குப் பக்கத்தில் வந்தால், ஆர்10 மாதிரி, மேலதிகத் தகவல் எதுவுமில்லாத வெட்டு. 3840-ஐவிட நன்றாகக் கூட வந்தால் கூர்மை தப்பிவிடும். சோனி ஏ7 மார்க் 4-இன் போட்டோ 7008 பிக்சல் அகலம். அதன் 4K 50p-க்கு 1.5 கிராப், பிரித்தால் 4672. அந்தப் படம் கூர்மையாகவே இருக்கும். ஆனால் இருட்டில் அதற்கும் விலக்கு இல்லை: 1.5-இன் வர்க்கம் 2.25, ஆகவே ஒரு ஸ்டொப்புக்கு மேல் நட்டம். “என் கமரா கிராப்பிலும் கூர்மை” என்று ஒருவர் சொன்னால் அது பகலைப் பற்றிய பேச்சு.

மறுபக்கமும் உண்டு. அளந்து பார்த்துக் கிராப் எதுவும் இல்லை என்றால் உடனே சந்தோஷப்படவும் கூடாது. சில கமராக்கள் முழு அகலத்தையும் காட்டும், ஆனால் சில வரிசைகளை வாசிக்காமல் தாண்டிப் போகும். கனன் ஆர்7-இல் 4K 50p-க்கு இரண்டு வழியும் இருக்கிறது: முழு அகலம், ஆனால் தகவலைத் தாண்டித் தாண்டி வாசிப்பது, அல்லது 1.81 கிராப், ஆனால் நடுவிலுள்ள ஒவ்வொரு பிக்சலையும் வாசிப்பது. முதலாவது வெளித்தோற்றத்துக்கு நல்லது போல் இருக்கும், ஆனால் நெருக்கமான கோடு போட்ட சாரத்தையோ கட்டம் போட்ட சேட்டையோ எடுத்தால் துணியில் இல்லாத நிறங்களும் அலைகளும் ஓடும். பகல் வெளிச்சத்தில் நுணுக்கம் வேண்டுமென்றால் அங்கே கிராப்தான் மேல். ஒரு சாரத்தைக் கொடியில் போட்டு இரண்டு மோடிலும் எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிராப் நல்லதாகும் இன்னோர் இடம் இரணைமடுக் குளக்கட்டு. தண்ணீரோரத்தில் தூரத்தில் நிற்கும் கூழைக்கடாவை எடுக்க வேண்டும். கையிலுள்ள லென்சின் முழு நீளமும் போதவில்லை, கிட்டப் போகவும் வழியில்லை. இப்போது முழு அகலத்தில் எடுத்துப் பிறகு எடிட்டிங்கில் பெரிதாக்குவதைவிட, கிராப்பில் எடுப்பது மேல். முழு அகலத்தில் எடுத்தால் கமரா 6000 பிக்சலை 3840 ஆகச் சுருக்கிவிடும். பறவைக்குக் கிடைத்த பிக்சலும் சேர்ந்து சுருங்கும். கிராப்பில் அது சுருங்காமல் அப்படியே வரும். ஒளி நட்டமும் இங்கே இல்லை, ஏனென்றால் நாம் எறிந்தது பறவையைச் சுற்றியிருந்த தண்ணீரின் ஒளியை. பறவைமேல் பட்ட ஒளியில் ஒரு துளியும் குறையவில்லை. அதே லென்ஸ், அதே இடம், அதே தூரம் என்றால் கிராப் தண்டனை தராது. பழைய பிரேமே வேண்டுமென்று பின்னுக்குப் போனாலோ அகலமான லென்சைத் தேடினாலோதான் தண்டனை. விளையாட்டுப் போட்டியில் மைதானத்துக்கு வெளியே நின்று எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இரவு வேலைக்குத் திரும்புவோம். வற்றாப்பளை பொங்கல் மாதிரி விடிய விடிய நடக்கும் திருவிழாவோ, இரவுக் கலியாண வீடோ, எதுவானாலும் 25p முழு அகலத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. ஸ்லோமோஷன் எல்லா நேரத்துக்கும் தேவைப்படுவதில்லை. பெண் மண்டபத்துக்குள் வரும்போது, பூ எறியும்போது, தேர் வடம் பிடிக்கும்போது வேண்டும், அவற்றில் பாதி பகலில் நடக்கிறது. இரவில் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த அரை நிமிடத்துக்கு ஒரு எல்ஈடி பனல் பிடிக்க ஆள் வையுங்கள். வெளிச்சம் இரண்டு ஸ்டொப் கூடினாலே நிலைமை மாறும். பிரேமைக் காப்பாற்றக் கிட் லென்சுக்குப் போகாமல், 35 லென்சையே வைத்துக்கொண்டு நெருக்கமான பிரேமாக எடுப்பதும் ஒரு வழி. கையில் பிடித்த ஆராத்தித் தட்டு, கூப்பிய கை, பாதி முகம். அப்போது இழப்பது கிராப்பின் 1.3 ஸ்டொப்பும் சட்டரின் ஒரு ஸ்டொப்பும் மட்டும், f/1.8 கையில் மிஞ்சும்.

முழு எச்டியில் 50p எடுப்பதும் யோசிக்க வேண்டியது. பல கமராக்களில் அந்த மோட் முழு அகலத்தைப் பயன்படுத்துகிறது, ஆனால் வாசிக்கும் தரம் கமராவுக்குக் கமரா வேறு. நாடாவும் சாரமும் வைத்துச் சோதித்த பின்தான் நம்ப வேண்டும். கடைசியில் வீட்டுக்காரருக்குப் போவது பென்ரைவில் ஒரு முழு எச்டி கோப்பும், வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் பார்க்க ஓர் இணைப்பும் என்றால், 4K கிராப்பில் எடுத்ததை முழு எச்டிக்குச் சுருக்கும்போது இழந்த கூர்மையின் பெரும்பகுதி திரும்பி வரும். சிவப்புக்குக்கூட அப்போது போதுமான பிக்சல் இருக்கும். நொய்ஸும் குறைந்தது போல் தெரியும். ஆனால் முழு அகலத்தில் எடுத்ததையும் அதே அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால், 1.3 ஸ்டொப் வித்தியாசம் அப்படியே நிற்கும். எறிந்த ஒளியை எந்தச் சுருக்கலாலும் மீட்க முடியாது.

போனுக்கும் இதே சட்டம்தான், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான போன்களில் 2x பொத்தான் என்பது பிரதான சென்சரின் நடுப்பகுதி. ஆட்டம் குறைக்கும் வசதியும் ஓரத்தை வெட்டுகிறது. இரவில் 1x-இல் விட்டு, இரண்டு அடி முன்னுக்குப் போய் எடுங்கள். கோயில் வீதியில் சனம் இடித்தால் கொஞ்சம் காத்திருந்து போகலாம்.